பிஎச் மீட்டர் தப்பாகக் காட்டியது: சோதனையைத் திரும்பச் செய்ய மேடத்திடம் எப்படிக் கேட்பது?

அரைப்புள்ளி

வேதியியல் இரண்டாம் ஆண்டு. போன லேப் வகுப்பில் அசிட்டிக் அமிலத்துக்கு பிஎச் டைட்ரேஷன் செய்தேன். பீக்கரில் 25 மி.லி. அமிலம், பியூரெட்டில் 0.1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு. அமிலத்தின் செறிவும் பிகேஏ மதிப்பும் கண்டுபிடிக்க வேண்டும்.

ஆரம்பத்திலேயே மீட்டர் 3.74 காட்டியது. கொஞ்சம் அதிகமாகத் தோன்றினாலும் ரீடிங் எடுத்துக்கொண்டே போனேன். வீட்டுக்கு வந்து வரைபடம் போட்டால் சமநிலைப் புள்ளி 24.6 மி.லி., அதில் பாதியான 12.3 மி.லி.யில் பிஎச் 5.23. புத்தகத்தில் பிகேஏ 4.76. இவ்வளவு வித்தியாசம் வரக் கூடாது.

நல்ல வேளையாக, கழுவி வைப்பதற்கு முன் சந்தேகத்தில் எலக்ட்ரோடை பிஎச் 4 பஃபரில் வைத்துப் பார்த்திருந்தேன். 4.63 என்றது. பிஎச் 7 பஃபரில் 7.02. இரண்டையும் நோட்டில் எழுதியிருக்கிறேன். தொடங்கும்போது 7 பஃபரில் மட்டும்தான் கேலிப்ரேட் செய்தோம், எல்லாருக்கும் அப்படித்தான் சொன்னார்கள்.

திரும்பச் செய்ய அனுமதி கேட்டு மேடத்துக்கு மெசேஜ் அனுப்ப வேண்டும். இப்படி எழுதி வைத்திருக்கிறேன்:

> வணக்கம் மேடம். போன வகுப்பில் எனக்குக் கொடுத்த பிஎச் மீட்டரின் எலக்ட்ரோடு பழுதாகியிருந்தது. அதனால் என் ரீடிங் முழுவதும் தவறாகிவிட்டது. இது என் தவறு இல்லை. தயவுசெய்து சோதனையை முழுவதும் திரும்பச் செய்ய அனுமதி தாருங்கள் மேடம்.

இது போதுமா?

கடித மன்னன்

தம்பி, மெசேஜ் எல்லாம் மதிப்பாக இருக்காது. முறையாகக் கடிதம் எழுது. அனுப்புநர், பெறுநர், பொருள், "மதிப்பிற்குரிய அம்மையீர்", கடைசியில் "இப்படிக்குத் தங்கள் கீழ்ப்படிந்துள்ள மாணவன்". வகுப்புக்கு வர முடியாமல் போன காரணத்தை இரண்டு வரியில் சொல்லி, மருத்துவச் சான்று இருந்தால் இணைத்துவிடு. நான் படித்த காலத்தில் இப்படிக் கொடுத்து மறுக்கப்பட்டதே இல்லை.

அரைப்புள்ளி

ஐயா, நான் வகுப்புக்குப் போயிருந்தேன். மீட்டர்தான் சரியில்லை.

வேகவேதி

இதற்கு எதுக்கு திரும்பச் செய்யணும்? உன் விடை 0.47 கூடுதலா இருக்கு. எல்லா ரீடிங்கிலயும் 0.47 கழிச்சிட்டு வரைஞ்சிடு, பிகேஏ டக்குனு 4.76 வந்துடும். கருவி ஒரே அளவு தள்ளிக் காட்டுது, அவ்வளவுதான். கழிச்சதை ஒரு வரி எழுதி வெச்சா நேர்மையும் ஆச்சு.

கண்ணாடிக்குமிழ்

வேகவேதி, கருவி தள்ளிக் காட்டுகிறது என்பது சரி. ஒரே அளவு தள்ளுகிறது என்பது தப்பு. அவர் தந்த இரண்டு பஃபர் ரீடிங்கையே பாருங்கள். 7இல் பிழை 0.02தான். 4இல் 0.63. நீங்கள் சொல்கிறபடி எல்லாவற்றிலும் 0.47 கழித்தால், சரியாக இருக்கும் 7 பக்கத்து ரீடிங்குகளும் கெட்டுப்போகும். காரப் பக்கத்தில் இன்னும் மோசம். அங்கே மீட்டர் குறைத்துக் காட்டியிருக்கும், நீங்கள் மேலும் குறைப்பீர்கள். அதோடு, புத்தக விடைக்கும் தன் விடைக்கும் உள்ள வித்தியாசத்தையே எடுத்துக் கழித்தால் விடை வராமல் எங்கே போகும்?

இது ஸ்லோப் குறைந்த கேஸ். கண்ணாடி எலக்ட்ரோடு பிஎச் 7இல் கிட்டத்தட்ட பூஜ்யம் மில்லிவோல்ட் தரும். 7இலிருந்து ஒவ்வொரு பிஎச் அலகு விலகும்போதும் 25 டிகிரி செல்சியஸில் சுமார் 59 மில்லிவோல்ட் மாற வேண்டும். ஸ்லோப் குறைந்துவிட்டால் 7ஐச் சுற்றி எல்லாம் சுருங்கும். அமிலம் உள்ளதைவிட மேலே தெரியும், காரம் உள்ளதைவிடக் கீழே தெரியும். 7 பஃபரில் மட்டும் கேலிப்ரேட் செய்தால் இதை ஒருநாளும் பிடிக்க முடியாது. அந்த இடத்தில்தான் எந்த ஸ்லோப்பும் ஒரே மதிப்பைத் தருமே. உங்களைப் பிழைக்க வைத்தது கடைசியில் வைத்துப் பார்த்த 4 பஃபர்.

கணக்கு இது: 7.02இலிருந்து 4.63 வரை 2.39. வர வேண்டியது 3.00. அதாவது 0.797, ஏறக்குறைய 80 சதவீதம். நல்ல எலக்ட்ரோடு 95க்கு மேல் இருக்கும்.

```
உண்மை பிஎச் = 7.00 + (காட்டியது − 7.02) / 0.797
```

5.23ஐப் போட்டால் 4.75.

அரைப்புள்ளி, கடைசி ரீடிங் என்ன, எத்தனை மி.லி.யில்? அதையும் சொல்லுங்கள்.

அரைப்புள்ளி

35 மி.லி. வரை போனேன். கடைசி ரீடிங் 11.20.

ஃபீனால்ஃப்தலீன் இரண்டு சொட்டு விட்டிருந்தேன், 24.6 பக்கத்தில்தான் இளஞ்சிவப்பு நின்றது. அதுவும் நோட்டில் இருக்கிறது.

கண்ணாடிக்குமிழ்

அருமை. இப்போது புத்தகத்தின் 4.76 நமக்குத் தேவையே இல்லை.

35 மி.லி.யில் மிஞ்சிய காரம் 10.4 மி.லி., மொத்தக் கரைசல் 60 மி.லி. 0.1 மோலாரை அதற்கு நீர்த்தால் 0.0173 மோலார், பிஎச் சுமார் 12.2. உங்கள் 11.20ஐ அந்தச் சமன்பாட்டில் போடுங்கள்: 12.24. சமன்பாட்டை வரைந்தது 4, 7 பஃபர்களை வைத்து. அது எட்டாத காரக் கோடியிலும் பொருந்துகிறது. ஆரம்ப 3.74ஐப் போட்டால் 2.88 வரும், 0.1 மோலாருக்குப் பக்கத்தில் உள்ள அசிட்டிக் அமிலத்துக்கு அதுதான் இருக்க வேண்டியது. ஆக இந்தத் தொடர் முழுக்க ஒரே நேர்கோட்டில் சுருங்கியிருக்கிறது.

இதிலிருந்து உங்கள் மெசேஜுக்கு ஒரு விஷயம். "ரீடிங் முழுவதும் தவறு" என்று எழுதியிருக்கிறீர்கள். அது உண்மையில்லை. சமநிலைப் புள்ளியை வளைவு எங்கே செங்குத்தாக ஏறுகிறது என்று பார்த்துத்தானே குறித்தீர்கள்? அச்சைச் சுருக்கினாலும் ஏறும் இடம் இடம் மாறாது, ஏற்றம் கொஞ்சம் குட்டையாகும், அவ்வளவே. நிறங்காட்டியும் அதே 24.6ஐச் சொல்லியிருக்கிறது. செறிவு 0.0984 மோலார் என்பது அப்படியே நிற்கும். கெட்டது பிகேஏ ஒன்றுதான், ஏனென்றால் அது மட்டும்தான் பிஎச் எண்ணை நேராக எடுத்துப் பயன்படுத்துகிறது.

தராசு

எனக்கும் இதே மாதிரி நடந்தது, ஆனால் மின்தராசில். ஆக்சாலிக் அமிலம் எடை போடும்போது நான்காவது தசம இலக்கம் நிற்கவே இல்லை, ஏறிக்கொண்டே போனது. தராசு கெட்டுவிட்டது என்று சாருக்கு நீளமாக எழுதினேன். அவர் வந்து பார்த்தார், கண்ணாடிக் கதவு ஒரு விரல் திறந்திருந்தது, மேலே மின்விசிறி. கதவை மூடினார், எண் நின்றது. எதுவும் சொல்லாமல் போய்விட்டார், அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. நீங்கள் எதற்கும் மீட்டருக்குப் பக்கத்தில் மின்விசிறி இருந்ததா என்று பாருங்கள்.

சுருக்கம்

பிஎச் மீட்டருக்கும் மின்விசிறிக்கும் என்ன சம்பந்தம்?

தராசு

கருவியைக் குறை சொல்வதற்கு முன் சுற்றிப் பார்க்கச் சொன்னேன். அவ்வளவுதான்.

ஆய்வுக்கூடத்து அக்கா

தராசு சொன்னதில் மின்விசிறியை விட்டுவிட்டு மீதியை எடுத்துக்கொள்ளுங்கள். நான் லேப் வகுப்பு எடுக்கிறவள், இந்த மாதிரி மெசேஜ்கள் எனக்கு வந்துகொண்டே இருக்கும். எப்படிப் படிப்பேன் என்று சொல்கிறேன்.

"எலக்ட்ரோடு பழுதாகியிருந்தது" என்ற இடத்தில் முதலில் நிற்பேன். இது உனக்கு எப்படித் தெரியும்? நீ பார்த்தது 4 பஃபரில் 4.63. அது நீ கண்ணால் கண்டது, நோட்டில் இருக்கிறது, யாரும் மறுக்க முடியாது. எலக்ட்ரோடு பழுது என்பது உன் ஊகம். ஊகத்தை உண்மையாக எழுதினால், அது பொய்க்கும்போது கண்டதையும் சேர்த்து நம்ப மாட்டேன்.

அடுத்து, "இது என் தவறு இல்லை". அதை எழுதவே எழுதாதே. யார் தவறு என்று நான் கேட்கவில்லை. அந்த வரி வந்தால் கேட்கத் தோன்றும்.

மூன்றாவது, எந்த மீட்டர்? எங்கள் லேபில் எல்லா மீட்டரிலும் எண் ஒட்டியிருக்கும். எண்ணைச் சொல்லாமல் "எனக்குக் கொடுத்த மீட்டர்" என்றால் நான் எதைப் போய்ப் பார்ப்பது? அடுத்த பேட்ச் அதே மீட்டரில் உட்காருவார்கள். உன் மெசேஜ் எனக்குப் பயன்படுவதே அதில்தான்.

கண்ணாடிக்குமிழ்

அக்கா சொன்ன அந்த முதல் விஷயத்தில் நான் ஒன்று சேர்க்கிறேன், இது முக்கியம்.

அரைப்புள்ளி, அது எந்த மாதிரி மீட்டர்? வெப்பநிலையைக் கையால் திருகி வைக்கிற பழைய வகையா? அப்படியானால் அந்தத் திருகு எந்த எண்ணில் இருந்தது?

கேட்பதற்குக் காரணம் உண்டு. அந்தத் திருகு, ஒரு பிஎச் அலகுக்கு எத்தனை மில்லிவோல்ட் என்று மீட்டருக்குச் சொல்கிறது. 25 டிகிரி என்றால் 59.2. நூறு டிகிரி என்றால் 74.0. உங்கள் கரைசல் அறை வெப்பத்தில் இருக்க, யாரோ கழுவித் துடைக்கும்போது திருகு கடைசி வரை போய் 100இல் நின்றிருந்தால், எலக்ட்ரோடு ஒழுங்காக 59.2 தரும், மீட்டர் அதை 74.0ஆல் வகுக்கும். 59.2ஐ 74.0ஆல் வகுத்துப் பாருங்கள். 0.80.

உங்களுடையது 0.797.

வேகவேதி

அட! அப்போ எலக்ட்ரோடு நல்லா இருக்கு, திருகுதான் காரணம். முடிஞ்சது கதை.

கண்ணாடிக்குமிழ்

முடியவில்லை. பழசாகிப்போன, உலர்ந்துபோன எலக்ட்ரோடும் 80 சதவீதம் தரலாம். தண்ணீரில் போட்டு வைக்கிற லேப்களில் இது சகஜம். எலக்ட்ரோடை வைக்க வேண்டியது 3 மோலார் பொட்டாசியம் குளோரைடில், வாலை வடிநீரில் அல்ல. எண் ஒத்துப்போகிறது என்பதற்காக இதுதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது.

ஆனால் ஒரு சாடை கிடைக்கலாம். ரீடிங் நிற்க எவ்வளவு நேரம் ஆனது? ஸ்லோப் இந்த அளவு போன எலக்ட்ரோடு பெரும்பாலும் சோம்பேறியாகவும் இருக்கும், எண் மெல்ல நகர்ந்து நகர்ந்துதான் நிற்கும்.

அரைப்புள்ளி

திருகு வகைதான். ஆனால் அது எதில் இருந்தது என்று நான் கவனிக்கவே இல்லை. கேலிப்ரேஷன் திருகை மட்டும் தொட்டேன்.

ரீடிங் சில வினாடியிலேயே நின்றது. ஏற்றத்துக்குப் பக்கத்தில் மட்டும் கொஞ்சம் அலைந்தது.

கண்ணாடிக்குமிழ்

ஏற்றத்துக்குப் பக்கத்தில் நல்ல எலக்ட்ரோடும் அலையும், அங்கே ஒரு சொட்டே பிஎச்சைத் தூக்கிவிடும். சீக்கிரம் நின்றது, 12 வரை கோடு வளையவில்லை என்ற இரண்டையும் வைத்து நான் திருகுப் பக்கம் சாய்கிறேன். சாய்கிறேன், அவ்வளவுதான்.

தீர்மானமாகத் தெரிய ஒரே வழி, மீட்டரை mV நிலைக்கு மாற்றி, 7 பஃபரிலும் 4 பஃபரிலும் மில்லிவோல்ட்டைக் குறிப்பது. அந்த நிலையில் வெப்பநிலைத் திருகுக்கு வேலை இல்லை. வித்தியாசம் 177க்குப் பக்கத்தில் வந்தால் எலக்ட்ரோடு நலம், திருகுதான் காரணம். 141 போல வந்தால் எலக்ட்ரோடு. இரண்டிலும் ஏறக்குறைய ஒரே எண் வந்தால் கண்ணாடிக் குமிழில் விரிசல் என்று அர்த்தம், அது உங்கள் கேஸ் இல்லை.

சுருக்கம்

திருகுன்னா அது கருவிக் கோளாறே இல்லையே. அவர் பார்க்காம விட்டது. அப்போ திரும்பச் செய்யக் கேட்க என்ன உரிமை?

ஆய்வுக்கூடத்து அக்கா

சுருக்கம், அதனால்தான் "பழுது" என்று எழுத வேண்டாம் என்றேன். மீட்டர் எண், பஃபர் ரீடிங், இவ்வளவு போதும். திருகு கவனிக்கப்படவில்லை என்பதையும் ஒரு வரி சேர்க்கலாம், சேர்த்தால் நான் இன்னும் நம்புவேன். ஒற்றைப் பஃபரில் கேலிப்ரேட் செய்யச் சொன்னது லேப். இரண்டு பஃபர் வைத்திருந்தால் தொடக்கத்திலேயே தெரிந்திருக்கும். அதை மாணவன் மேடத்திடம் சொல்லிக்காட்ட வேண்டாம், பஃபர் ரீடிங்கைப் பார்த்தால் அவருக்கே புரியும்.

இன்னொன்று, எதைக் கேட்கிறாய் என்பது. "முழுவதும் திரும்ப" என்றால் எனக்கு உடனே தோன்றுவது: ஒரு பிற்பகல், ஒரு மேசை, கூட நிற்க ஓர் ஆள், திரும்பவும் தரப்படுத்திய சோடியம் ஹைட்ராக்சைடு. இதற்கு "பார்க்கலாம்" என்பேன். பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று எல்லாருக்கும் தெரியும்.

கண்ணாடிக்குமிழ் சொன்னபடி செறிவு நிற்கிறது என்றால், உனக்கு வேண்டியது பிகேஏ மட்டும். 25 மி.லி. அமிலம் எடு, பியூரெட்டிலிருந்து 12.3 மி.லி. விடு, கலக்கு, இரண்டு பஃபரில் கேலிப்ரேட் செய்த மீட்டரில் பிஎச் பார். அரைமணி நேரத்தில் முடியும். இதைக் கேள். இதற்கு நான் யோசிக்காமல் "வா" என்பேன்.

வேகவேதி

ஒரே ஒரு புள்ளியில பிகேஏவா? அது ஏத்துக்க முடியாது. வளைவு முழுசா வேணும்.

ஆய்வுக்கூடத்து அக்கா

வளைவு ஏற்கெனவே இருக்கிறது, அதிலிருந்துதான் 12.3 வந்தது. ஒரு புள்ளி போதாது என்றால் 10, 12.3, 15 மி.லி. என்று மூன்று இடத்தில் பார்க்கலாம். 10இலும் 15இலும் உப்பு, அமில விகிதத்தை வைத்துக் கணக்கிட்டால் ஒரே பிகேஏ வர வேண்டும். சில மேடம்கள் முழு வளைவுதான் வேண்டும் என்பார்கள், அது அவர்கள் விருப்பம்.

கடித மன்னன்

எல்லாம் சரி, ஆனால் "வணக்கம்" மட்டும் போட்டு ஆரம்பிப்பது சரியில்லை. பணிவு வேண்டும்.

சுருக்கம்

சுருக்கமா எழுதுறதே பணிவுதான். அவங்க போனில் படிக்கிறாங்க.

அரைப்புள்ளி

மாற்றி எழுதினேன்:

> வணக்கம் மேடம். நான் பி பேட்ச், அசிட்டிக் அமில பிஎச் டைட்ரேஷனை 3ஆம் எண் மீட்டரில் செய்தேன். சோதனை முடிந்ததும் அதே மீட்டரில் பிஎச் 4 பஃபர் 4.63 என்றும், பிஎச் 7 பஃபர் 7.02 என்றும் காட்டியது. தொடங்கும்போது 7 பஃபரில் மட்டும் கேலிப்ரேட் செய்தேன். வெப்பநிலைத் திருகு எந்த நிலையில் இருந்தது என்பதைக் குறிக்கவில்லை.
>
> சமநிலைப் புள்ளி 24.6 மி.லி., ஃபீனால்ஃப்தலீனும் அதே இடத்தில் மாறியது. அதனால் செறிவு சரியாக இருக்கும் என்று நினைக்கிறேன். பிகேஏ மட்டும் 5.23 என்று வருகிறது.
>
> இரண்டு பஃபரில் கேலிப்ரேட் செய்த மீட்டரில் பாதி நடுநிலையாக்கிய கரைசலின் பிஎச்சை மட்டும் திரும்பப் பார்க்க அனுமதிப்பீர்களா மேடம்? அரைமணி நேரம் போதும். முழுச் சோதனையையும் செய்யச் சொன்னாலும் செய்கிறேன். நோட்டின் படத்தை இணைத்திருக்கிறேன்.

திருத்திய 4.75ஐ இதில் சேர்க்கலாமா?

கண்ணாடிக்குமிழ்

சேர்க்கலாம். மீட்டரின் கோளாறு எவ்வளவு ஒழுங்கானது என்பதை அது காட்டுகிறது. 35 மி.லி. புள்ளியும் பொருந்துகிறது என்று ஒரு வரி போடுங்கள்.

ஆய்வுக்கூடத்து அக்கா

நான் சேர்க்க வேண்டாம் என்பேன். 4.75ஐப் பார்த்ததும் "அதான் விடை வந்துவிட்டதே, அதையே எழுதிக்கொள்" என்று ஒருவர் சொல்லலாம். இன்னொருவர் "விடை தெரிந்து திருப்பிக் கணக்குப் போட்டிருக்கிறான்" என்று நினைக்கலாம். இரண்டுமே உனக்கு உதவாது. கேட்டால் காட்டு.

கண்ணாடிக்குமிழ்

கேட்காமலே போனால் அந்த வேலை தெரியாமல் போகும் அக்கா. பஃபர் ரீடிங் இருக்கும்போது திருத்துவது முறையான வேலைதான், ஏமாற்று இல்லை.

ஆய்வுக்கூடத்து அக்கா

ரெக்கார்டில் எழுதட்டும், தாராளமாக. அனுமதி கேட்கும் மெசேஜில் வேண்டாம் என்கிறேன்.

அரைப்புள்ளி

சேர்க்காமல் அனுப்பினேன். மாலையிலேயே பதில்: "அடுத்த வகுப்பு முடிந்ததும் வா. முதலில் மீட்டரை mV-இல் வைத்து இரண்டு பஃபரையும் எனக்குக் காட்டு." கண்ணாடிக்குமிழ் சொன்னதையே மேடமும் கேட்கிறார்!

தராசு

போகும்போது திருகைப் பார்த்துவிட்டுத் தொடுங்கள்.

அரைப்புள்ளி

போய்விட்டு வந்தேன். mV வித்தியாசம் 174. அதாவது 98 சதவீதம்.

பாதி நடுநிலையாக்கிய கரைசலில் 4.74 வந்தது. 10, 15 மி.லி.யிலும் பார்த்தேன், கணக்கிட்டால் 4.73, 4.75. மேடம் பழைய பக்கத்தை அடிக்காமல், புதியதை அடுத்த பக்கத்தில் எழுதி, ஏன் இரண்டு இருக்கிறது என்று ஒரு பத்தி எழுதச் சொன்னார்.

வேகவேதி

அப்போ திருகுதான்! நான் அப்பவே சொன்னேன்ல.

அரைப்புள்ளி

இல்லை. லேப் அசிஸ்டென்ட் அண்ணன் இடையில் எல்லா எலக்ட்ரோடையும் பொட்டாசியம் குளோரைடில் ஊற வைத்திருக்கிறார். திருகும் 25இல் இருந்தது, அவர் வைத்தாரா முன்பே அப்படித்தான் இருந்ததா என்று அவருக்கு நினைவில்லை.

கண்ணாடிக்குமிழ்

போச்சு. ஊறவைத்தால் உலர்ந்த எலக்ட்ரோடு தேறிவிடும். 80இலிருந்து 98 வரை அப்படியே ஏறுமா என்றால் எனக்குச் சந்தேகம்தான், ஆனால் ஏறியதைப் பார்த்ததே இல்லை என்று சொல்ல மாட்டேன். ரெக்கார்டில் இரண்டு காரணத்தையும் எழுதுங்கள், பிரித்தறிய முடியவில்லை என்றும் எழுதுங்கள்.

அரைப்புள்ளி

அப்படியே எழுதுகிறேன். ஒரு சின்ன சந்தேகம் மட்டும். எங்களுக்கு முந்தைய பேட்சும் அதே 3ஆம் எண் மீட்டரில்தான் செய்தார்கள். அவர்கள் ரெக்கார்டைப் பார்த்தேன். எல்லாருக்கும் பிகேஏ 4.76. ஒருவருக்குக்கூட 4.75, 4.77 இல்லை.

சுருக்கம்

ஆகா.

கண்ணாடிக்குமிழ்

அவர்கள் செய்தபோது திருகு 25இல் இருந்திருக்கலாம். ஆனாலும் எல்லாருக்கும் இரண்டாம் தசம இலக்கம் வரை ஒன்றாக வர அந்த மீட்டர் ஒத்துழைக்காது.

ஆய்வுக்கூடத்து அக்கா

தம்பி, அதை மட்டும் உன் பத்தியில் எழுதாதே. மேடம் பார்த்திருப்பார்.